மெயில் போனால் கேமும் போகுமா?

கணினியில் கேம் ஆடும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஸ்டீம் என்ற பெயர் அடிக்கடி காதில் விழும். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003-இல் தொடங்கிய கடை அது. கேமை அங்கேயே வாங்கி அங்கேயே இறக்கி ஆடலாம். டப்பா, குறுந்தகடு எதுவும் கைக்கு வராது. வாங்கியதெல்லாம் ஒரு கணக்கின் பெயரில் ஏறிவிடும். பத்து வருடமாக ஆடுகிற ஒருவரின் கணக்கில் பல ஆயிரம் ரூபாய்க்கான கேம்கள் இருப்பது சாதாரணம். அந்தக் கணக்கு எந்த மின்னஞ்சல் முகவரியில் தொங்குகிறது என்று கேட்டால்தான் பலர் விழிக்கிறார்கள்.

கணக்கைத் திறந்த நாளில் கைக்குக் கிடைத்த முகவரியைக் கொடுத்திருப்பார்கள். சிலர் கல்லூரியில் கொடுத்த மெயிலைப் போட்டிருப்பார்கள், சிலர் அப்பாவின் அலுவலக மெயிலை. பத்தாவது படிக்கும்போது வேடிக்கையாக ஒரு பெயர் வைத்துத் திறந்து, அப்புறம் மறந்தே போன ஜிமெயிலாகவும் இருக்கும். பழைய கணினியில் கணக்கு எப்போதும் திறந்தே கிடப்பதால் மெயிலின் நினைப்பே வராது. லேப்டாப்பை மாற்றும் நாளில்தான் தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்டீமில் மூன்று பெயர்கள் உண்டு. உள்ளே நுழையத் தட்டச்சு செய்யும் கணக்குப் பெயர் ஒன்று. அதை ஒருமுறை வைத்தால் மாற்றவே முடியாது. நண்பர்கள் பார்க்கிற பெயர் இன்னொன்று, அதை தினம் தினம் மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது மின்னஞ்சல் முகவரி. கணக்குப் பெயரே ஒரு மெயில் முகவரி மாதிரி இருந்துவிட்டால் குழப்பம் கூடிவிடும். மெயிலை மாற்றிய பிறகும் உள்ளே நுழைய அந்தப் பழைய பெயரைத்தான் தட்ட வேண்டும். புது மெயிலை அங்கே தட்டிப் பார்த்துவிட்டு, கணக்கே போய்விட்டது என்று பதறியவர்கள் இருக்கிறார்கள்.

பழைய மெயில் கையில் இருக்கும்போது மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஸ்டீமுக்குள் போய் மேலே வலது மூலையில் உள்ள உங்கள் பெயரை அழுத்தினால் Account details என்ற பக்கம் வரும். அதில் இப்போதைய மின்னஞ்சல் காட்டப்பட்டிருக்கும், பக்கத்திலேயே அதை மாற்றுவதற்கான இணைப்பும் இருக்கும். அதை அழுத்தியதும் நீங்கள்தானா என்று உறுதிசெய்ய பழைய மெயிலுக்கு ஒரு குறியீடு போகும். ஃபோனில் ஸ்டீம் செயலியை அங்கீகாரக் கருவியாக வைத்திருந்தால் செயலியிலேயே ஒப்புதல் கேட்கும். அது முடிந்ததும் புது முகவரியைக் கொடுக்க வேண்டும். அதற்கும் ஒரு குறியீடு வரும், அதை எடுத்துத் தட்டினால் வேலை முடிந்தது. மாற்றம் நடந்த தகவல் பழைய முகவரிக்கும் போகும். நீங்கள் மாற்றாமலேயே அப்படி ஒரு தகவல் வந்தால் கணக்கில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பழைய மெயில் இல்லை என்றால் கதை வேறு. அதிலும் 'இல்லை' என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, அது மூன்று விதம். கடவுச்சொல் மறந்து உள்ளே போக முடியாமல் இருப்பது ஒன்று. முகவரியே மூடப்பட்டுவிட்டது இன்னொன்று. முகவரி வேறொருவர் கைக்குப் போய்விட்டது மூன்றாவது. எந்த வகை என்று பார்க்காமல் நேரே ஸ்டீமிடம் போவதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. அவசரப்படாமல் முதலில் மெயில் பக்கம் போய்ப் பாருங்கள்.

கடவுச்சொல் மறந்த ஜிமெயில் என்றால் கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்தில் முயல வேண்டும். அந்த மெயிலை முன்பு திறந்து பார்த்த அதே கணினியில், அதே உலாவியில், வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து முயலச் சொல்கிறது கூகுள். நண்பன் வீட்டு ஃபோனில் உட்கார்ந்து பத்து தடவை தப்பாகத் தட்டுவதைவிட, பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பை இறக்கி மின்சாரம் கொடுப்பது பலன் தரும். ஆனால் ஒரு வரம்பு உண்டு. இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழிப்போம் என்று கூகுள் அறிவித்து, 2023 டிசம்பரிலிருந்து அதைச் செயல்படுத்தவும் தொடங்கியது. அழிந்த ஜிமெயில் முகவரி வேறு யாருக்கும் கொடுக்கப்படாது என்பது ஒரு ஆறுதல். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. யாஹூ 2013-இல், நெடுநாள் பயன்படுத்தாத முகவரிப் பெயர்களை எடுத்துக் கேட்டவர்களுக்குக் கொடுத்தது. உங்கள் பழைய முகவரியை இன்னொருவர் வைத்திருந்தால் உங்கள் கேம் கணக்கின் குறியீடும் அவருக்குத்தான் போகும்.

முகவரி மூடப்பட்டிருந்தால் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஸ்டீம் அனுப்புவது புதிய குறியீடு. அந்த முகவரிக்கு இனி வரப்போகும் ஒரு மெயிலைப் படித்தால் போதும், பழைய மெயில்கள் தேவையே இல்லை. கல்லூரியிலோ அலுவலகத்திலோ மெயிலைக் கவனிக்கும் நிர்வாகி அதே பெயரில் முகவரியை மறுபடி உருவாக்கிக் கொடுத்தால் காலிப் பெட்டியாக இருந்தாலும் குறியீடு வந்துவிழும். ஒரு நாள், ஏன் ஒரு மணி நேரம் போதும். பழைய மாணவர் நேரில் போய், விண்ணப்பம் எழுதி, அடையாள அட்டையைக் காட்டிக் கேட்டால் மனம் வைக்கிற நிர்வாகிகள் உண்டு. கூகுள் மூலம் நடத்தும் நிறுவன மெயிலாக இருந்து, நீக்கி 20 நாளுக்குள் போனால் பெட்டியையே அப்படியே மீட்டுத்தரவும் நிர்வாகிக்கு வசதி இருக்கிறது.

மெயில் எந்த வழியிலும் வராது என்று உறுதியான பிறகுதான் ஸ்டீமின் உதவிப் பக்கம். கார்த்திக் என்று ஒருவரை வைத்துக்கொண்டு பார்ப்போம். 2017-இல் கோவையில் பொறியியல் சேர்ந்தவர், கல்லூரி மெயிலில் ஸ்டீம் கணக்கு திறந்தார். அப்பாவின் டெபிட் கார்டில் முதல் கேமை வாங்கினார். அப்புறம் தள்ளுபடிக் காலங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். 2021-இல் படிப்பு முடிந்தது, கல்லூரி மெயிலும் மூடப்பட்டது. கேம் பழைய கணினியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேலைக்குப் போய்ப் புது லேப்டாப் வாங்கி ஸ்டீமை இறக்கினார். கணக்குப் பெயர் சரி, கடவுச்சொல்லும் சரி. ஆனால் புது இயந்திரம் என்பதால் ஐந்து எழுத்துக் குறியீடு ஒன்றை மெயிலுக்கு அனுப்பியிருப்பதாகத் திரை சொல்கிறது. இல்லாத கல்லூரி மெயிலுக்கு.

இந்த இடத்தில் அவர் செய்யக்கூடாதது பழைய கணினியில் ஸ்டீமிலிருந்து வெளியேறுவது. 'ஒருமுறை வெளியேறி மறுபடி நுழைந்து பார்க்கலாமே' என்று தோன்றும். வெளியேறினால் அங்கேயும் குறியீடு கேட்கலாம், இருந்த ஒரே வாசலும் அடைபடும். கணினியை ஃபார்மட் செய்வதும், ஸ்டீமை நீக்கிவிட்டு மறுபடி போடுவதும் அதே விளைவைத் தரும். உள்ளே நுழைந்த நிலையில் இருக்கும் அந்தக் கணினியிலேயே Account details பக்கத்துக்குப் போய் மெயிலை மாற்றக் கேட்க வேண்டும். அங்கேயும் கல்லூரி மெயிலுக்குக் குறியீடு அனுப்பவா என்றுதான் கேட்கும். பக்கத்திலேயே அந்த மெயில் இப்போது என்னிடம் இல்லை என்று சொல்வதற்கு ஒரு தேர்வு இருக்கும். அதைத் தொட்டால் ஸ்டீம் வேறு ஆதாரங்களைக் கேட்கத் தொடங்கும்.

கணக்கில் கைபேசி எண் சேர்த்திருந்தால் அதற்கு ஒரு குறியீடு வரும், பாதி வேலை அங்கேயே முடியும். கார்த்திக் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தாலும் அந்த எண் இன்னும் அவர் கையில் இருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குப் போய்விடும். மெயிலை மாற்றும்போது எண்ணையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். அடுத்து கடவுச்சொல்லும் பணம் கட்டிய விவரமும். கடவுச்சொல் கார்த்திக்குத் தெரியும். மிச்சம் இருப்பது பணம்.

கணக்கு தன்னுடையது என்று காட்ட நம்மில் பலர் சொல்வதெல்லாம் நினைவுகள். எந்தக் கேமை எத்தனை மணி நேரம் ஆடினேன், நண்பர்கள் யார் யார், எந்த நிலைவரை வந்தேன் என்பார்கள். இவை எதுவும் பெரிதாகச் செல்லாது. கணக்கின் பக்கத்தைப் பார்க்கிற எவரும் இவற்றைச் சொல்லிவிடலாம். கணக்கைத் திருடியவனுக்கு இதெல்லாம் நம்மைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். உதவிப் பிரிவுக்கு வேண்டியது, திருடன் வருவதற்கு முன்பே நடந்த, அவனால் உருவாக்க முடியாத ஒரு சான்று. நிலத் தகராறில் நேற்றைய ரசீதைவிட மூலப் பத்திரம் பேசுவது போலத்தான் இதுவும். கணக்கில் நடந்த முதல் கொள்முதல் எவ்வளவு பழையதோ அவ்வளவு வலு.

கார்டில் வாங்கியிருந்தால் கார்டின் வகை, கார்டில் அச்சான பெயர், கடைசி நான்கு இலக்கங்கள் போன்றவை கேட்கப்படும். முழு எண்ணையும் பின்பக்கத்து மூன்று இலக்க எண்ணையும் யாருக்கும் எழுத வேண்டாம். பேபாலில் கட்டியிருந்தால் பரிவர்த்தனை எண். கடையில் வாலட் குறியீடு வாங்கிப் போட்டிருந்தால் அந்தக் குறியீடு அல்லது அதன் அட்டை. டப்பாவில் கேம் வந்த காலத்தில், உள்ளே இருந்த சீட்டில் அச்சான குறியீடே சான்றாக இருந்தது. அந்தச் சீட்டின் ஓரத்தில் உங்கள் புகார் எண்ணைப் பேனாவால் எழுதிப் படமெடுத்து அனுப்பச் சொல்வார்கள். இணையத்தில் எங்கோ கிடைத்த படத்தை அனுப்பி ஏமாற்ற முடியாதபடி எளிமையான ஏற்பாடு அது. 2004-இல் வந்த ஹாஃப்-லைஃப் 2 மாதிரியான பழைய டப்பாக்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

கார்த்திக்கின் சிக்கல் அந்தக் கார்டு காலாவதியாகிப் பல வருடமாகிவிட்டதுதான். ஒவ்வொரு கேம் வாங்கியபோதும் ஸ்டீம் அனுப்பிய ரசீதுகள் எல்லாம் செத்துப்போன கல்லூரி மெயிலில்தான் இருந்தன. வங்கியிலோ பதிவு இருக்கிறது. அப்பாவின் கணக்கில் 2017-க்கான அறிக்கையை இணைய வங்கியில் இறக்கலாம், அதில் கிடைக்காவிட்டால் கிளையில் எழுதிக் கேட்கலாம். அதில் ஸ்டீம் அல்லது வால்வ் என்ற பெயரோடு ஒரு வரி, தேதியும் தொகையுமாக இருக்கும். கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் பணம் எடுக்கும்போதெல்லாம் வந்த வங்கிக் குறுஞ்செய்தியில் இருக்கும். அப்பாவின் ஃபோன் மாறாமல் இருந்தால் அந்தச் செய்தி இன்னும் உள்ளேயே கிடக்கலாம். "அப்பா, உங்க பழைய மெசேஜ் எல்லாம் அழிச்சிட்டீங்களா?" என்று கேட்க வேண்டிய தருணம் அது. பெரியவர்கள் பெரும்பாலும் எதையும் அழிப்பதில்லை, இந்த ஒரு விஷயத்தில் அது நல்லதாகப் போகிறது.

கார்டில் அப்பாவின் பெயர் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்பாவின் கார்டில் வாங்கினேன், அவர் பெயர் இது என்று உள்ளது உள்ளபடி எழுதினால் போதும். கார்த்திக் தன் பெயரைப் போட்டால்தான் விவரம் ஒத்துப்போகாமல் கோரிக்கை தள்ளிப்போகும்.

இனி கோரிக்கை. முகவரி help.steampowered.com, அதிலேயே உள்ளே நுழைய முடியாதவர்களுக்கான பகுதி தனியாக இருக்கிறது. கணக்குப் பெயரைக் கொடுத்துத் தேடிவிட்டு, கேட்கும் ஆதாரம் எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் எழுதி அனுப்பும் படிவம் வரும். அதில் உங்களைத் தொடர்புகொள்ள, இப்போது உங்களால் திறக்க முடிகிற மெயிலைத் தர வேண்டும். விளக்கம் எழுதும் இடத்தில் நாலைந்து எளிய ஆங்கில வாக்கியம் போதும். கல்லூரி மூடிய முகவரி, அது மூடப்பட்ட ஆண்டு, முதலில் வாங்கிய கேம், தேதி, தொகை, கார்டின் கடைசி இலக்கங்கள், புது முகவரி. கோபத்தையும் குடும்பக் கதையையும் வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கணக்குப் பெயரே மறந்துவிட்டதென்றால் நண்பர் ஒருவர் பட்டியலிலிருந்து உங்கள் பக்கத்தைத் திறக்கச் சொல்லி அதன் முகவரியை வாங்குங்கள். 7656119 என்று தொடங்கும் 17 இலக்க எண் அதில் இருந்தால், அது உங்கள் கணக்கின் மாறாத அடையாள எண்.

அனுப்பியபின் காத்திருக்க வேண்டும். தொலைபேசியில் கூப்பிட்டுப் பேச ஸ்டீமில் எண் கிடையாது. பதில் வரவில்லையே என்று அடுத்தடுத்துப் புதுக் கோரிக்கைகள் போடுவதால் வேகம் கூடாது. மறுப்பு வந்தால் அதே கோரிக்கையில் கூடுதல் சான்றோடு பதில் எழுதுவதுதான் முறை. முதல் தடவை மறுத்து, வங்கி அறிக்கையைப் பார்த்தபின் திருப்பிக் கொடுப்பது நடக்கிறது. ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் இலவச கேம் மட்டும் ஆடிய கணக்கு என்றால் வழி மிகக் குறுகியது. பணம் கட்டியவன் என்று காட்ட எதுவுமே இருக்காது.

இந்தக் காத்திருப்பு மற்ற நிறுவனங்களிலும் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பாதுகாப்புக்கான பழைய மெயில், எண் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் 30 நாள் பொறுக்கச் சொல்கிறார்கள். அந்த இடைவெளியில் உண்மையான உரிமையாளருக்கு எச்சரிக்கை போய்ச் சேரட்டும் என்பது கணக்கு. மைன்கிராஃப்ட் ஆடியவர்களுக்கு இது வேறு விதமாக உறைத்தது. பழைய மோஜாங் கணக்குகளை மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு மாற்றிக்கொள்ள 2023 செப்டம்பர் 19 வரைதான் அவகாசம் தந்தார்கள். பழைய மெயில் கைவிட்டுப்போனவர்களுக்கு வந்த அறிவிப்புகளெல்லாம் அந்தப் பழைய மெயிலுக்கே போயின. கேமைக் காசு கொடுத்து வாங்கியிருந்தும் அந்தத் தேதி தெரியாமலே போனது.

மெயில் தானாகப் போகாமல், திருடன் மாற்றிவிட்டுப் போன கணக்காக இருந்தால் மீட்புக்குப் பிறகும் வேலை இருக்கிறது. 'என் அணிக்கு ஒரு வாக்குப் போடு' என்று நண்பன் கணக்கிலிருந்தே இணைப்பு வரும். அழுத்தினால் ஸ்டீம் நுழைவுப் பக்கம் மாதிரியே ஒன்று திறக்கும், பெயரும் கடவுச்சொல்லும் குறியீடும் நேரே திருடனிடம் போகும். அடுத்த நிமிடம் மெயில் மாறிவிடும். கணக்கு திரும்பக் கிடைத்ததும் மெயிலையும் கடவுச்சொல்லையும் மாற்றுவதோடு நிறுத்தினால் போதாது. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் வசதி ஸ்டீம் கார்டு அமைப்பில் இருக்கிறது, அதை அழுத்த வேண்டும். பிறகு steamcommunity.com/dev/apikey என்ற பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். சாதாரணமாக ஆடுகிறவருக்கு அங்கே எதுவும் இருக்கக் கூடாது. சாவி ஒன்று பதிவாகியிருந்தால் அது திருடன் வைத்துவிட்டுப் போனது. அதை வைத்துப் பொருள் பரிமாற்றங்களை வெளியிலிருந்தே கவனிக்க முடியும். உடனே நீக்குங்கள்.

அப்படியே ஃபோனில் ஸ்டீம் செயலியை அங்கீகாரக் கருவியாக ஏற்றிக்கொள்ளுங்கள். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் குறியீட்டை அது காட்டும். நாளைக்கு மெயில் போனாலும் மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுக்க அது கை கொடுக்கும். ஏற்றும்போது R என்ற எழுத்தோடு தொடங்கும் ஒரு மீட்புக் குறியீடு காட்டப்படும். அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே ஃபோனில் படமெடுத்து வைத்தால், ஃபோன் தொலையும் நாளில் குறியீடும் சேர்ந்தே தொலையும்.

இவ்வளவையும் செய்து தருகிறேன் என்று டெலிகிராமிலும் யூடியூப் பின்னூட்டங்களிலும் ஆட்கள் வருவார்கள். ஸ்டீம் ஊழியர் என்று சொல்லிக்கொண்டு டிஸ்கார்டில் பேசுபவர் எவரும் ஸ்டீம் ஊழியர் இல்லை. அங்கே உதவிப் பிரிவு அரட்டை மூலம் யாரையும் தொடர்புகொள்வதில்லை, கடவுச்சொல்லும் கேட்பதில்லை. பணம் கொடுத்து ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

கடைசியாக, விலைக்கு வாங்கிய கணக்கு. பத்தாயிரம் ரூபாய் கேம்கள் இரண்டாயிரத்துக்கு என்று பழைய கணக்குகளை விற்கிறவர்கள் உண்டு. வாங்கியவர் மெயிலையும் எண்ணையும் கடவுச்சொல்லையும் மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருப்பார். ஆறு மாதம் கழித்து விற்றவர் உதவிப் பிரிவுக்கு எழுதுவார். முதல் கொள்முதலின் கார்டு விவரம் அவரிடம்தான் இருக்கிறது, கணக்கு அவருக்கே திரும்பிப் போகும். வாங்கியவர் முறையிட்டாலும் எடுபடாது, ஏனென்றால் கணக்கை விற்பதே ஸ்டீமின் ஒப்பந்தப்படி தடை. கொடுத்த இரண்டாயிரம் போனதுதான்.